வாய்க்குள்ளேயே பிறக்கும் நஞ்சு

போயா தினத்துக்கு முதல்நாள் பின்னேரம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடந்து போனால், மதுக்கடை வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்க்கலாம். நாளைக்குக் கடை பூட்டு என்பதால் இன்றைக்கே வாங்கி வைக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கிற எல்லோரும் பெருங்குடிகாரர்கள் இல்லை. கிழமைக்கு ஒரு நாள், இரண்டு பெக் சாராயம், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் என்று கணக்கோடு குடிப்பவர்கள்தான் பலர். "கசிப்பு இல்லை, நல்ல சாராயம். அளவாக் குடிச்சா ஒண்டும் செய்யாது" என்பது நம் வீடுகளில் தலைமுறையாகக் கேட்டு வரும் வாக்கியம். அந்த இரண்டு பெக்கின் பின்னால் போய்ப் பார்த்தால், இந்த வாக்கியம் எந்த இடத்தில் பிழைக்கிறது என்று விளங்கும்.

நம் தென்னஞ்சாராயத்தின் போத்தலில் பொதுவாக 33.5 வீதம் என்று போட்டிருக்கும். 60 மில்லிலீற்றர் கொண்ட இரண்டு பெக்கில் தூய மதுசாரம், அதாவது எதனோல், ஏறத்தாழ 32 கிராம் இருக்கிறது. 4.8 வீதப் பெரிய பியர் போத்தல் ஒன்றில், 625 மில்லிலீற்றரில், இருப்பது கிட்டத்தட்ட 24 கிராம். வைனிலும் விஸ்கியிலும் கள்ளிலும் இருப்பது இதே எதனோல்தான். கசிப்பைக் கண்டு நாம் பயப்படுவது அதில் மெதனோல் கலந்து கண் போய்விடும் என்று. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் சொல்ல வருகிற நஞ்சு போத்தலுக்குள் யாரும் கலந்தது அல்ல. நல்ல சாராயத்திலிருந்தே, நம் உடம்பு தன் கையால் செய்வது.

உடம்பு எதனோலை இரண்டு படிகளில் அழிக்கிறது. முதற்படியில் ஒரு நொதியம் எதனோலிலிருந்து இரண்டு ஐதரசன் அணுக்களைக் கழற்றுகிறது. அப்போது மிஞ்சுவது அசற்றல்டிகைட்டு. இரண்டாம் படியில், ஏ.எல்.டி.எச்.2 என்ற இன்னொரு நொதியம் அந்த அசற்றல்டிகைட்டை அசற்றேற்றாக மாற்றுகிறது. அசற்றேற்று ஏறக்குறைய வினாகிரியில் இருப்பதுதான். உடம்பு அதை எரித்துச் சக்தியாக்கிவிடும். ஆரம்பமும் முடிவும் அவ்வளவு மோசமில்லை, நடுவில் வருவதுதான் ஆபத்து. குடித்த எதனோலில் மிகச் சிறு பங்கு மட்டும் மூச்சிலும் சிறுநீரிலும் அப்படியே வெளியேறும். மற்றதில் ஒவ்வொரு மூலக்கூறும் அந்த நடுப்படியைக் கடந்தே ஆக வேண்டும். சுற்றுப்பாதை கிடையாது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் தவளையையும் பாம்பையும் போர்மலின் போத்தலில் போட்டு வைத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? அவை அழுகாமல் விறைத்து நிற்பதற்குக் காரணம் போமல்டிகைட்டு. புரதங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் அமைன் கூட்டங்களைப் பிடித்து, ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிற குணம் அதற்கு உண்டு. அசற்றல்டிகைட்டு அதே குடும்பத்தின் அடுத்த பிள்ளை. ஒரே ஒரு காபன் அணு கூட. வேகம் குறைவென்றாலும் குணம் அதேதான். எங்கே அமைன் கூட்டம் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் அப்படியொரு அமைன் கூட்டம் இருக்கிறது. மனிதக் கலம் ஒன்றுக்குள் ஏறத்தாழ 260 கோடி குவானின்கள் உண்டு. அசற்றல்டிகைட்டு வந்து அதில் தொற்றிக்கொள்ளும்போது எழுத்தின் மேல் ஒரு சிறு கறை விழுந்தது போலாகிறது. இந்த முதற்கறை அவ்வளவு உறுதியானதல்ல. பெரும்பாலும் தானாகவே கழன்றுபோகும். பிரச்சினை அடுத்த படியில் வருகிறது. இரண்டு அசற்றல்டிகைட்டு மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்தால் குரோட்டனல்டிகைட்டு என்கிற, இரு முனையிலும் கை உள்ள பொருளின் அமைப்பு உருவாகிறது. அது ஒரு கையால் இந்த இழையின் குவானினைப் பிடிக்கும்; இது இரண்டாம் கறை. மற்றக் கை எதிரிழையின் குவானினை எட்டிப் பிடிக்கும். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் அந்த இடத்தில் தைத்துவிட்டது போல இறுகிவிடும். இதைத்தான் குறுக்குப் பிணைப்பு என்கிறார்கள்.

கலம் பிரியும்போது அதன் டி.என்.ஏ. முழுவதும் பிரதி எடுக்கப்பட வேண்டும். அதற்கு இரண்டு இழைகளும் பிரிந்து கொடுக்க வேண்டும். ஒரு புத்தகத்தைப் பிரதி எடுக்கக் கொடுக்கிறீர்கள். நடுவில் இரண்டு பக்கங்கள் ஸ்டேப்பிள் அடித்து ஒட்டியிருக்கின்றன. பிரதி எடுப்பவர் அங்கே நின்றுவிடுவார். பலவந்தமாக இழுத்தால் பக்கம் கிழியும். கலத்துக்குள்ளும் இதுதான் நடக்கிறது. இழை முறிந்து, முறிந்த நுனிகள் தவறான இடத்தில் ஒட்டி, நிறமூர்த்தத்தின் துண்டுகளே இடம்மாறிவிடக்கூடும்.

இது கற்பனை அல்ல என்பதற்குச் சான்று கேம்பிரிட்ஜில் உள்ள மருத்துவ ஆய்வு மன்றத்தின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. கேத்தன் பட்டேல் என்பவரின் குழு பல ஆண்டுகளாக ஒரு கேள்வியைத் துரத்தியது. ஃபன்கோனி இரத்தசோகை என்று ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. சுவிட்சர்லாந்துக் குழந்தை வைத்தியர் குய்டோ ஃபன்கோனி 1927இல் விவரித்த நோய் அது. குறுக்குப் பிணைப்புகளை வெட்டி எடுத்துப் பழுதுபார்க்கும் புரதக் கூட்டம் அந்தப் பிள்ளைகளிடம் வேலை செய்யாது. என்புமச்சை சிறு வயதிலேயே வற்றிப்போகும். தப்பி வளர்ந்தவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு அதிகம். இந்தப் பழுதுபார்க்கும் கூட்டம் எதற்கு எதிராக இத்தனை விழிப்போடு நம் உடம்பில் நிற்கிறது? அந்தப் பிள்ளைகள் குடித்தவர்கள் இல்லையே?

2011இல் அவர்கள் சொன்ன பதில், அல்டிகைட்டு. உடம்பின் சாதாரண இயக்கத்திலேயே சிறிதளவு அல்டிகைட்டுகள் உண்டாகின்றன. அதற்கு எதிராக இரண்டு அரண்கள் இருக்கின்றன. ஏ.எல்.டி.எச்.2 நொதியம் அதை எரிக்கிறது, அது முதல் அரண். தப்பி வந்து டி.என்.ஏ.யில் ஒட்டியதை ஃபன்கோனிக் கூட்டம் வெட்டி எடுக்கிறது, அது இரண்டாவது. இரண்டு அரண்களும் இல்லாத சுண்டெலிகளை வளர்த்தபோது அவை எதனோலைத் தாங்க முடியாமல் போயின. 2018இல் அதே குழு, எதனோல் கொடுத்த சுண்டெலிகளின் இரத்த மூலக்கலங்களை எடுத்து, அவற்றின் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்தது. முதல் அரண் இல்லாத எலிகளில், அது உள்ள எலிகளைவிட நான்கு மடங்கு சேதம். இரண்டு அரண்களும் இல்லாதவற்றில், நிறமூர்த்தங்கள் முறிந்தும் இடம்மாறி ஒட்டியும் கிடந்தன. மூலக்கலத்தில் விழுந்த பிழை அதோடு போகாது; அதிலிருந்து பிறக்கும் கலங்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். எனக்கு இந்தப் பரிசோதனையில் முக்கியமாகப் படுவது இதுதான்.

2020இல் நெதர்லாந்தின் உற்றெக்டில் உள்ள பக் நிப்ஷேரின் குழுவோடு சேர்ந்து அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். அசற்றல்டிகைட்டால் ஒரே ஒரு குறுக்குப் பிணைப்புப் போட்ட டி.என்.ஏ.யைச் செய்து, தவளை முட்டைச் சாற்றில் விட்டுப் பார்த்தார்கள். ஃபன்கோனிக் கூட்டம் அதை வெட்டி எடுத்தது. அதைவிட வேகமாக, பிணைப்பை மட்டும் அறுத்துவிடுகிற இன்னொரு வழியும் இருப்பது தெரிந்தது. ஒரு நச்சுக்கு எதிராக உடம்பு இத்தனை வழிகளை வைத்திருக்கிறதென்றால், அந்த நச்சு உயிரினங்களை எவ்வளவு காலமாகத் துரத்தி வந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நம் இரண்டு பெக்குக்குத் திரும்புவோம். ஈரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் எதனோலை அழிக்கும். 32 கிராமுக்கு நாலரை மணித்தியாலம் வேண்டும். ஈரலில் ஏ.எல்.டி.எச்.2 நிறைய இருப்பதால், பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் அசற்றல்டிகைட்டு மிகக் குறைவாகவே தேங்கும். "அப்படியானால் என்ன பயம்?" என்று கேட்கலாம். நெடுங்காலம் ஆய்வாளர்களையும் குழப்பிய கேள்வி அது. விடை இரத்தத்தில் இல்லை, எச்சிலில் இருக்கிறது.

நம் வாயில் குடியிருக்கும் பற்றீரியாக்களும் எதனோலை அசற்றல்டிகைட்டாக மாற்றும். ஆனால் அடுத்த படிக்கு, அதை அழிப்பதற்கு, வாயின் மென்சவ்வில் போதிய நொதியம் இல்லை. ஈரல் தன் குப்பையைத் தானே கூட்டுகிறது. வாயில் கூட்டுவதற்கு ஆள் குறைவு. 1997இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மிக்கோ சலஸ்புரோவின் குழு, உடல் எடையில் கிலோவுக்கு அரைக் கிராம் எதனோலைக் கொடுத்துப் பார்த்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 30 கிராம்; கிட்டத்தட்ட நம் இரண்டு பெக். எச்சிலில் அசற்றல்டிகைட்டு லீற்றருக்கு 18 முதல் 143 மைக்ரோமோல் வரை ஏறியது. கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்தை மூன்று நாள் பாவித்தபின் அளந்தபோது அந்த அளவு இறங்கியது. அதை உண்டாக்கியது பற்றீரியாக்கள்தான் என்பதற்கு அதுவே சாட்சி. பரிசோதனைக் குழாயில், 100 மைக்ரோமோல் அளவிலேயே, கலங்களில் இயல்பாக உள்ள சில பொருள்களின் துணையோடு, நான் மேலே சொன்ன ஆபத்தான இரண்டாம் கறை குவானினில் விழுவதை வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

விழுங்கியதோடு வாயின் பாடு முடிவதும் இல்லை. குடலில் உறிஞ்சப்பட்ட எதனோல் இரத்தத்தின் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குத் திரும்பி வந்து எச்சிலில் ஊறுகிறது. இரத்தத்தில் எதனோல் இருக்கும் மணித்தியாலங்கள் முழுவதும் வாய்ப் பற்றீரியாக்களுக்குத் தீனி கிடைக்கிறது. அந்த எச்சிலை நாம் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். அது தொண்டையையும் உணவுக்குழாயையும் நனைத்துக்கொண்டு இறங்குகிறது. மதுவோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று ஒரே பாதையில் வரிசையாக இருப்பதைக் கவனியுங்கள். மிச்சம் மூன்று, ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம். மார்பகத்தில் ஈஸ்ட்ரஜன் ஓமோன் கூடுவது போன்ற வேறு காரணங்களும் சேர்கின்றன. எல்லாப் பழியையும் அசற்றல்டிகைட்டின் தலையில் மட்டும் போடுவது சரியாகாது.

மனிதரின் வாயிலேயே அந்தக் கறையைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் சில்வியா பல்போவின் குழு, 10 தொண்டர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை, மூன்று கிழமை, வொட்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, உதிர்ந்த கலங்களின் டி.என்.ஏ.யைச் சோதித்தார்கள். குடித்த சில மணித்தியாலங்களுக்குள் முதற்கறையின் அளவு 100 மடங்கு வரைக்கும் ஏறியது. 24 மணித்தியாலத்தில் திரும்ப இறங்கியது. 2012இல் வெளியான இந்தச் செய்தியை ஆறுதலாகவும் வாசிக்கலாம், எச்சரிக்கையாகவும் வாசிக்கலாம். கறை பெரும்பாலும் போய்விடுகிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் விழுகிறது. அது போவதற்குள் ஒரு மூலக்கலம் பிரதி எடுக்கத் தொடங்கிவிட்டால், பிழை எழுத்து நிரந்தரமாகிவிடும்.

கறை விழுவதால்தான் புற்றுநோய் வருகிறது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்பவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். மது குடிப்பவர் புகைப்பார், சரியாகச் சாப்பிடமாட்டார். குற்றவாளி யாரென்று எப்படிச் சொல்வது? இதற்கு இயற்கையே ஒரு பரிசோதனையைச் செய்து வைத்திருக்கிறது. ஜப்பான், சீனா, கொரியா, தாய்வானில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஏ.எல்.டி.எச்.2 நொதியத்தின் பழுதான வடிவத்தோடு பிறக்கிறார்கள். ஒரே ஒரு எழுத்து மாற்றம். குடித்தால் அசற்றல்டிகைட்டு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டு குடித்தால், அதே அளவு குடிக்கும் மற்றவர்களைவிட உணவுக்குழாய்ப் புற்றுநோய் அவர்களுக்கு மிக அதிகம். அதே பழுதோடு பிறந்து குடிக்காமலே இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதைப் பெற்றவர்களால் ஒரு மிடறுகூடத் தாங்க முடியாது, அதனால் பெரும்பாலும் குடிப்பதில்லை. அவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிடக் குறைவு. பரம்பரை அலகு பிறக்கும்போதே தீர்மானமாகிறது. புகையும் சாப்பாடும் அதை மாற்ற முடியாது. எனவே குற்றம் எங்கே என்று இங்கே தெளிவாகத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் மதுபானங்களை 1988இலேயே முதலாம் வகுப்புப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. குடியால் உண்டாகும் அசற்றல்டிகைட்டையும் 2009இல் அதே வகுப்பில் வைத்ததில் இந்தச் சான்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்மவரிடம் இந்தப் பழுதான வடிவம் அரிது. முகம் சிவக்காது. அதை நாம் தாங்கும் சக்தி என்று பெருமையாகச் சொல்கிறோம். எச்சரிக்கை மணி ஒன்று குறைவு என்றுதான் நான் சொல்வேன். பற்றீரியா எச்சிலில் செய்யும் நஞ்சுக்கு ஈரலின் பலம் தடைபோடாது.

இப்போது "அளவாக்" குடிப்பதைப் பற்றி. நஞ்சு உருவாவதற்கு எதனோல் இன்ன அளவைத் தாண்ட வேண்டும் என்று ஒரு வாசற்படி இந்த வழிமுறையில் எங்கேயும் தென்படவில்லை. முதல் மிடறும் அதே பற்றீரியாவைத்தான் சந்திக்கிறது. கடும் மதுவில் ஒரே ஒரு மிடறை வாயில் சிறிது வைத்துத் துப்பினாலும், எச்சிலில் அசற்றல்டிகைட்டு பத்து நிமிடமாவது நிற்பதைச் சலஸ்புரோவின் குழு 2011இல் அளந்திருக்கிறது. பாணிலும் தயிரிலும் பழத்திலும்கூடச் சிறிதளவு அசற்றல்டிகைட்டு இருக்கிறதே என்றால், உண்மைதான். உடம்பின் இரண்டு அரண்கள் அந்த அளவுக்குப் பழகியவை. குடிப்பது அதன்மேல் சுமையை ஏற்றுகிறது. குறைவாகக் குடித்தால் குறைந்த சுமை, கூடக் குடித்தால் கூடிய சுமை.

எவ்வளவு என்று கேட்டால், பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளிவந்த கணக்கு ஒன்று இருக்கிறது. நாளுக்கு 12.5 கிராமுக்கு மேற்படாமல் குடிப்பவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட வாய், தொண்டைப் புற்றுநோய் 13 வீதமும், உணவுக்குழாயின் ஒருவகைப் புற்றுநோய் 26 வீதமும் அதிகம். மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு இரண்டுமே ஏறத்தாழ ஐந்து மடங்கு. 13 வீதம் என்றால், குடிக்காதவர்களில் 100 பேருக்கு வரும் இடத்தில் 113 பேருக்கு வரும் என்று பொருள். ஒரு தனிமனிதருக்கு அது சிறிய கூடுதல்தான்; பயமுறுத்துவதற்காக அதைப் பெருக்கிக் காட்டக்கூடாது. ஆனால் அளவாகக் குடிப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். 2020இல் உலகில் மதுவால் வந்தவை என்று கணிக்கப்பட்ட ஏறத்தாழ 7,41,000 புதிய புற்றுநோய்களில், நாளுக்கு 20 கிராமும் தாண்டாதவர்களுக்கு வந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல்.

இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். அதற்கு முதற்காரணம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த கூட்டு; மதுவை முதலில் வைப்பது நேர்மையாகாது. ஆனால் புகையிலையும் மதுவும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்காக இல்லாமல் பெருக்கல் கணக்காக ஏறுகிறது. பாக்கும் சுண்ணாம்பும் புண்ணாக்கிய மென்சவ்வு ஆறுவதற்காக அடிக்கடி கலம் பிரிக்கிறது. பிரதி எடுக்கிற அந்த நேரத்தில்தான் கறை விழக்கூடாது. புகைப்பதும் பராமரிக்காத பல்லும் எச்சிலில் அசற்றல்டிகைட்டை இன்னும் கூட்டுகின்றன. புறக்கோட்டையில் 138 பஸ் ஏறி மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்களில், இவை எல்லாவற்றையும் ஒரே வாயில் சுமந்தவர்கள் இருக்கிறார்கள்.

நிறுத்தினால் பயன் உண்டா? அதே அனைத்துலக முகவர் நிலையம் 2023இல் சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, குறைப்பதாலும் நிறுத்துவதாலும் வாய்ப் புற்றுநோயும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் குறைகின்றன என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக அறிவித்தது. எதனோல் வரவு நின்றால் எச்சிலில் நஞ்சும் அன்றைக்கே நின்றுவிடும். பழைய பிழைகளின் பாரம் ஆண்டுகள் போகப் போகக் குறையும். இத்தனை காலம் குடித்தவர்கள் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால், நோகவில்லை என்று விட்டுவிடாமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் அது நோகாது.